24 பெரியதா, 15 பெரியதா?

போன வாரம் மழை விட்ட ஒரு மாலையில், பக்கத்துக் காபித் தோட்டக்காரர் ஒரு காகிதத்தை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். சேலத்தில் படிக்கும் அவருடைய பேரனுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். ரத்தம் எடுத்து கல்ச்சர் வைத்ததில் டைபாய்டு கிருமி வளர்ந்திருக்கிறது. பையனை ஏற்காட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். காகிதத்தில் மருந்துகளின் பெயரும் எதிரே சில எண்களும் இருந்தன.

"ஏனுங்க சார், இந்த சிப்ரோ மாத்திரைக்கு 24 போட்டிருக்குது. டாக்டர் எழுதிக் கொடுத்த அசித்ரோமைசினுக்கு வெறும் 15தான். 24 இருக்கிறதை விட்டுப்போட்டு 15 இருக்கிறதை எதுக்குங்க கொடுக்கிறாரு? இந்த ஊசி மருந்துக்கு 28 இருக்குதே, அதையாவது போடலாமில்லீங்களா?"

முப்பது வருடங்களுக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் அந்த எண்களை அளந்து எழுதியவன் நான். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பரீட்சை மார்க்கைப் போல எண்ணைப் போட்டுக் கொடுத்தால் யாருமே அப்படித்தான் படிப்பார்கள். டாக்டர் செய்தது சரி என்று அவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பழைய கணக்கு ஒன்றை நினைவுபடுத்திவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை உப்பு நீரில் கரைத்து, குறிப்பிட்ட அளவு கலங்கல் வரும்வரை சேர்ப்போம். அந்தக் கலங்கலுக்கு ஒரு மாதிரிக் குழாய் உண்டு. அதை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்து, முல்லர் ஹின்டன் அகார் என்ற கட்டியான ஊட்டம் ஊற்றிய தட்டில் மூன்று திசைகளிலும் இடைவெளி இல்லாமல் பூச வேண்டும். வாசலில் சாணம் தெளிப்பதைப் போல ஒரே சீராக விழ வேண்டும். அதன்மேல் மருந்து ஏற்றிய சிறு காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொரு வில்லையும் 6 மில்லிமீட்டர் அகலம். தட்டை 35 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைத்து, 16 முதல் 18 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், தட்டு முழுக்கக் கிருமி மெல்லிய படலமாக வளர்ந்திருக்கும். மருந்து வேலை செய்த வில்லைகளைச் சுற்றி மட்டும் வளர்ச்சி இல்லாத தெளிவான வட்டம் தெரியும்.

அந்த வட்டத்தின் குறுக்களவுதான் காகிதத்தில் இருக்கும் எண். வில்லையின் 6 மில்லிமீட்டரும் அதில் அடக்கம். அதனால் வட்டமே இல்லையென்றால் பூஜ்யம் எழுத மாட்டோம், 6 என்று எழுதுவோம்.

அளப்பதற்கும் முறை உண்டு. தட்டைக் கவிழ்த்து, கறுப்புத் துணிக்குச் சற்று மேலே பிடித்து, விளக்கு வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்து, பின்பக்கத்திலிருந்து ஸ்கேலால் அளக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு வளர்ச்சி தெரியாத இடம்தான் விளிம்பு. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் தெரியும் புள்ளிகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் தெளிவான வட்டத்துக்கு உள்ளே தனித்தனிக் குடும்பமாகக் கிருமி முளைத்து நின்றால் அதைப் பார்க்காத மாதிரி விடவும் கூடாது. வேறு கிருமி கலந்திருக்கலாம், அல்லது அதே கிருமியில் மருந்தை மீறியவை சில இருக்கலாம். பிரித்து எடுத்து மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வட்டம் ஏன் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது? வில்லையிலிருந்து மருந்து ஊட்டத்துக்குள் ஊறிப் பரவுகிறது. தள்ளிப் போகப் போக அதன் அடர்த்தி குறைகிறது. இன்னொரு பக்கம் கிருமி பெருகிக்கொண்டே இருக்கிறது. முதல் சில மணி நேரத்திலேயே எந்த இடத்தில் கிருமிக் கூட்டம் மருந்தை முந்துகிறதோ அங்கே எல்லை விழுந்துவிடும். ஆகவே இது மருந்தின் வேகத்துக்கும் கிருமியின் வேகத்துக்கும் நடக்கும் பந்தயம். ஒரு பக்கத்தின் வேகத்தை மாற்றினால் எல்லையும் மாறும்.

கிருமியை அடர்த்தியாகப் பூசினால் வட்டம் சுருங்கும். ஊட்டத்தை 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக ஊற்றினாலும் சுருங்கும். மருந்து ஆழத்திலும் பரவ வேண்டியிருக்கிறதே. வில்லைகள் இருந்த பிரிட்ஜ் மின்வெட்டில் சூடாகி, மருந்து வீரியம் இழந்தாலும் சுருங்கும். மாறாக, வில்லை வைத்த தட்டை மேஜையிலேயே மறந்துவிட்டு டீ குடிக்கப் போனாலோ, இரவில் மின்சாரம் போய்ச் சூட்டுப்பெட்டி குளிர்ந்தாலோ, கிருமி வளரத் தாமதமாகும். மருந்துக்குக் கூடுதல் நேரம் கிடைத்து வட்டம் பெரிதாகும். இந்த இரண்டாவது வகைத் தவறுதான் ஆபத்தானது. கேட்காத மருந்தைக் கேட்கும் என்று சொல்ல வைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குணம் தெரிந்த கிருமி ஒன்றை அதே தட்டு, அதே வில்லைகளோடு வைத்துப் பார்ப்பது. உதாரணமாக, 25922 என்ற எண்ணுள்ள ஈ. கோலை கிருமிக்கு ஜென்டாமைசின் வட்டம் 19-க்கும் 26-க்கும் இடையில் விழ வேண்டும். விழவில்லையென்றால் அன்றைய வேலையில் எங்கோ கோளாறு என்று பொருள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரே கிருமியை இரண்டு நாள் அளந்தால் இரண்டொரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். அது இயல்பு.

இனி தோட்டக்காரரின் கேள்விக்கு வருகிறேன். 24 பெரியதா, 15 பெரியதா?

இரண்டையும் ஒப்பிடவே கூடாது என்பதுதான் பதில். ஒவ்வொரு மருந்தும் ஊட்டத்துக்குள் ஒவ்வொரு வேகத்தில் பரவும். வில்லையில் ஏற்றும் அளவும் வேறு. சிப்ரோபிளாக்சசின் வில்லையில் 5 மைக்ரோகிராம், அசித்ரோமைசினில் 15, செஃப்ட்ரியாக்சோனில் 30. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் தனி எல்லைக்கோடு வகுத்திருக்கிறார்கள். டைபாய்டு கிருமிக்கு அசித்ரோமைசின் வட்டம் 13 இருந்தாலே கேட்கும். செஃப்ட்ரியாக்சோனுக்கு 23 வேண்டும். சிப்ரோவுக்கு 31 வேண்டும். பேரனின் கிருமிக்கு அசித்ரோமைசின் 15, தேறிவிட்டது. செஃப்ட்ரியாக்சோன் 28, அதுவும் தேறியது, ஆனால் அது ஊசி. பையன் சாப்பிடுகிறான், நடமாடுகிறான், வீட்டில் மாத்திரையே போதும் என்று டாக்டர் நினைத்திருப்பார். சிப்ரோ 24, தேறவில்லை. 15 ஜெயித்து 24 தோற்ற கதை இதுதான்.

சேர்வராயன் மலை மூலிகைகளைப் பற்றிப் படிக்கும்போதும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலைச் சாற்றை வில்லையில் ஏற்றி, 14 மில்லிமீட்டர் வட்டம் கிடைத்தது, பக்கத்தில் வைத்த ஆன்டிபயாட்டிக்குக்கு 20 கிடைத்தது, ஆகவே சாறு முக்கால்வாசி வீரியம் உள்ளது என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அப்படிக் கணக்குப் போட முடியாது. சாற்றில் எண்ணெய்ப் பசையுள்ள சத்து இருந்தால் அது ஈரமான ஊட்டத்தில் பரவவே பரவாது. வட்டம் சிறியதாக இருக்கும், சத்து வீரியமாகவும் இருக்கலாம். சாறு எடுத்த ஆல்கஹாலை மட்டும் தனி வில்லையில் ஏற்றிப் பார்த்தார்களா என்பதை முதலில் கேட்க வேண்டும். இங்கே எதையோ மேலும் தேடிப் பார்க்கலாம் என்பதற்கு மேல் அந்த வட்டம் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது பழைய கணக்கு.

2004-ஆம் ஆண்டு என்று நினைவு. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். மலையில் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு பெண், இருபது வயது இருக்கும், விடாத காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். ரத்தத்தில் டைபாய்டு கிருமி வளர்ந்தது. சிப்ரோ வட்டத்தை அளந்தேன்: 26. அன்றைய அட்டவணைப்படி 21 இருந்தாலே கேட்கும். ஆகவே ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது, 'ஐ' என்றால் இடைப்பட்டது.

சிப்ரோ கொடுத்தார்கள். வழக்கமாக நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். எட்டாம் நாளும் 102 அடித்தது. வார்டு டாக்டர் லேபுக்கே வந்துவிட்டார்.

"என்னப்பா, உங்க ரிப்போர்ட்டுல கேட்கும்னு போட்டிருக்கீங்க. பொண்ணு அப்படியே கிடக்கிறா. கிருமியை மாத்தி வச்சுட்டீங்களா?"

எனக்குக் கை நடுங்கியது. எடுத்து வைத்திருந்த கிருமியை மறுபடி பூசினேன், பக்கத்தில் குணம் தெரிந்த கிருமியையும் வைத்தேன். மறுநாள் அது சரியான அளவைக் காட்டியது. நோயாளியின் கிருமிக்கு மறுபடி அதே 26. ஆக, அளவில் தவறில்லை. கிருமியும் மாறவில்லை. இரண்டாம் முறை வைக்கும்போது, சிறுநீர் கல்ச்சருக்காக டப்பாவில் இருந்த நாலிடிக்சிக் ஆசிட் வில்லை ஒன்றையும் சேர்த்து வைத்திருந்தேன். அதைச் சுற்றி வட்டமே இல்லை. வில்லையின் ஓரம் வரை கிருமி வளர்ந்திருந்தது. எழுதினேன்: 6.

அதில்தான் விடை இருந்தது. நாலிடிக்சிக் ஆசிட், சிப்ரோ இரண்டும் ஒரே குடும்பம். நாலிடிக்சிக் பழைய, பலம் குறைந்த அண்ணன். கிருமியின் உள்ளே டி.என்.ஏ. முறுக்கைச் சரிசெய்யும் நொதி ஒன்றைத்தான் இரண்டும் தாக்குகின்றன. அந்த நொதியில் ஓர் இடத்தில் மாற்றம் வந்துவிட்டால் அண்ணன் முழுதாகத் தோற்றுவிடுவான். தம்பி சிப்ரோ முழுதாகத் தோற்க மாட்டான். ஆனால் கிருமியை அடக்க முன்பைவிடப் பல மடங்கு மருந்து வேண்டியிருக்கும். அதனால் முப்பதுக்கு மேல் இருக்க வேண்டிய சிப்ரோ வட்டம் இருபத்தைந்து, இருபத்தாறுக்குச் சுருங்கி நிற்கும். கோடு 21-இல் இருந்தபடியால் சுருங்கிய வட்டமும் தேறிவிட்டது.

சில மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். வட்டம் சீராகச் சுருங்கும்போது தேவைப்படும் மருந்து இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகும். சிப்ரோவில் இரண்டரை மில்லிமீட்டர் குறைந்தால் ஏறக்குறைய இரு மடங்கு மருந்து வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். 31-இலிருந்து 21-க்கு இறங்கும் அந்தப் பத்து மில்லிமீட்டரில் சுமார் பதினாறு மடங்கு வித்தியாசம் அடங்கியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் எட்டு நாள் வீணாகப் போனது. டைபாய்டில் இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் குடலில் ஓட்டை விழும் காலம். அந்த எட்டு நாள் எதில் முடிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும்.

இந்தக் குழப்பம் எங்கள் லேபில் மட்டும் நடந்ததில்லை. நம் நாட்டு டைபாய்டு கிருமிக்கு ஒவ்வொரு மருந்தாக மீறிப் பழகிய வரலாறு உண்டு. 1972-இல் பக்கத்து கோழிக்கோட்டில் குளோரம்பெனிக்கால் கேட்காத டைபாய்டு பரவியது. பிறகு சிப்ரோ வந்து காப்பாற்றியது. அதுவும் தேயத் தொடங்கியபோது பழைய எல்லைக்கோடு அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தக் கோடு குடல் கிருமிகள் பலவற்றுக்கும் பொதுவாகப் போட்டது. நம் உடலின் செல்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும் டைபாய்டு கிருமிக்கென்று தனியாகப் போட்டதல்ல. நாலிடிக்சிக் வில்லையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள் என்று முதலில் சொன்னார்கள். கடைசியில் 2012-இல் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. என்ற நிறுவனம், பெரும்பாலான நம் லேபுகள் பின்பற்றுவது அதன் அட்டவணையைத்தான், சால்மொனெல்லா வகைக்கு மட்டும் சிப்ரோ கோட்டை 21-இலிருந்து 31-க்கு உயர்த்தியது. 21 முதல் 30 வரை 'ஐ'. 20-ம் அதற்குக் கீழும் 'ஆர்'.

புதிய அட்டவணை வந்த அன்று பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே 26 இருந்தது. 2004-இல் 'எஸ்', 2012-இல் அதே 26 'ஐ'. கிருமி மாறவில்லை, வட்டம் மாறவில்லை. எழுத்து மாறிவிட்டது. அதே பக்கங்களில் இன்னும் எத்தனை பேருக்கு இருபத்து நான்கும் இருபத்தைந்தும் எழுதி 'எஸ்' போட்டிருக்கிறேன் என்றும் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். லேபுகள் மில்லிமீட்டரை எழுதி வைக்க வேண்டும். பல இடங்களில் இன்று தட்டைப் பார்த்து நேராக 'எஸ்', 'ஆர்' என்று எழுதிவிட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த எழுத்து அந்த வருடத்து அட்டவணையின் தீர்ப்பு. அட்டவணை மாறினால் பழைய தீர்ப்பைத் திருத்த எண் வேண்டும். எண்ணை எழுதாதவர்களுக்கு 2012-இல் திரும்பிப் பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை. ஒரு மருந்தின் வட்டம் வருடா வருடம் 34, 30, 26 என்று சுருங்கி வருவதையும், எல்லாமே 'எஸ்' என்று எழுதியவர்களால் பார்க்க முடியாது.

எண்ணைக் கொடுத்தால் நோயாளிகள் குழம்புவார்கள் என்று என் பழைய சகாக்கள் சொல்வார்கள். தோட்டக்காரரைப் பார்த்த பிறகு அதை நான் மறுக்கவில்லை. அதற்கு வழி எண்ணை மறைப்பதல்ல. பக்கத்தில் கோட்டையும் போடுவது. "சிப்ரோ 24, தேவை 31", "அசித்ரோமைசின் 15, தேவை 13" என்று அச்சடித்திருந்தால் அவர் மழையில் என் வீடு தேடி வந்திருக்க வேண்டியதில்லை. எந்த வருடத்து அட்டவணை என்றும் ஒரு வரி போட்டால் இன்னும் நல்லது.

அதே சமயம், எண்ணும் கோடும் இருந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. டைபாய்டு கிருமிக்கு ஜென்டாமைசின் வில்லை வைத்தால் அழகான பெரிய வட்டம் விழும். நோயாளிக்குக் கொடுத்தால் வேலை செய்யாது. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியிடம் அந்த மருந்து போய்ச் சேராது. ஆகவே டைபாய்டுக்கு அதைக் 'கேட்கும்' என்று எழுதவே கூடாது என்பது விதி. கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்துக்கு இன்னொரு சிக்கல். அதன் மூலக்கூறு பெரியது, ஊட்டத்தில் சரியாகப் பரவாது. கேட்கும் கிருமிக்கும் கேட்காத கிருமிக்கும் வட்டம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதற்கு வில்லைச் சோதனையை நம்பக் கூடாது, திரவத்தில் வேறு முறையில் பார்க்க வேண்டும். அசித்ரோமைசினுக்குக்கூட வட்டத்தின் விளிம்பு சில சமயம் மங்கலாக விழும். ஒருவர் 15 என்பார், மற்றவர் 13 என்பார். கோட்டுக்கு அருகில் வந்தால் இரண்டு பேர் தனித்தனியே பார்த்து எழுதுவது எங்கள் வழக்கம்.

நம் வயதில் சிறுநீர்க் கல்ச்சர், சர்க்கரைப் புண் கல்ச்சர் என்று யாராவது ஒருவர் வீட்டில் இப்படி ஒரு காகிதம் இருக்கும். அடுத்த முறை வாங்கும்போது எண்ணும் கோடும் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மருந்துக்கு எண் பெரியது என்று மட்டும் பார்க்காதீர்கள். மூன்று நாலு நாளில் குணம் தெரியவில்லையென்றால், 'எஸ்' என்று போட்டிருந்தாலும் டாக்டரிடம் திரும்பப் போங்கள். அன்று அந்தப் பெண்ணின் காய்ச்சல் அட்டைதான் என் ரிப்போர்ட்டைவிடச் சரியாகப் பேசியது.

தோட்டக்காரரின் பேரனுக்கு மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நேற்று ஏரிக்கரையில் பார்த்தேன், இளைத்திருக்கிறான். மீதி மாத்திரையையும் முடித்துவிடச் சொன்னேன்.